நாற்பதைத் தாண்டியபின் தினசரி நடை: மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வாக்கிங் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது குறைவு. நான் பார்த்தவரை நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் நின்றுபோகிறது. அதற்குள் மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். உடம்பு லேசாகத் தெரியும். இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று தோன்றும், போவார்கள். அடுத்த வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்குக் காரணம் எளிது. இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே நடைக்குப் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. மூட்டின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டமே இல்லை. இவை பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூச்சு "போகலாம்" என்று சொல்வதை முழங்காலின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது: முதலில் நாட்கள், பிறகு நிமிடங்கள், கடைசியில் வேகம்.

## 1. தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

எல்லாரும் பரிசோதனை முடித்துவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சிலருக்கு அது கட்டாயம். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம் வருபவர்கள், அளவுக்கு மீறி மூச்சு வாங்குபவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், இதயநோய் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் சரியாகிவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். வயசாகிவிட்டது என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் இப்படித்தான் இருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மாத்திரையோ இன்சுலினோ நடக்கும்போது சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியதா என்பது ஒன்று. தாழ்த்தும் என்றால் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்பது மற்றொன்று. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. ஆகவே தினமும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

## 2. உங்கள் தொடக்க அளவைக் கண்டுபிடியுங்கள்

"அரை மணி நேரம் நட" என்ற அறிவுரையில் ஒரு குறை உண்டு. அது யாருடைய அரை மணி நேரம் என்று சொல்வதில்லை. அடுத்தவரின் அளவை எடுத்துக்கொண்டு தொடங்குவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை.

ஒரு நாளை அளப்பதற்கென்றே ஒதுக்குங்கள். சமதளமான இடத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி நடங்கள். நேர்கோட்டில் தூரமாகப் போனால், வலி வரும்போது நீங்கள் வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருப்பீர்கள். வேகம் பேசிக்கொண்டே போகும் அளவுக்கு இருக்கட்டும். நடையில் முதல் மாற்றம் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வலியாகவே இருக்க வேண்டியதில்லை. அடி குறுகுவது, ஒரு காலில் சாய்வது, பாதத்தை உரசிக்கொண்டு நடப்பது எல்லாம் கணக்கில் வரும். இருபது நிமிடம் ஆகியும் எதுவும் மாறவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் தொடக்க அளவு. பதினைந்து நிமிடத்தில் நடை மாறினால் பத்து நிமிடம். ஆறு நிமிடத்தில் மாறினால் நான்கு நிமிடம். நான்கு நிமிடம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். அதையே காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று பிரித்து நடக்கலாம். அதற்கும் பலன் உண்டு.

## 3. ஷூ

விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால் காலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால் பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள்.

எழுந்து நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம் என்பதால் பெருவிரலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் இறுக்கமாக இருந்தால் அடுத்த நீள அளவுக்குப் போகாமல், அதே நீளத்தில் அகலமானதைக் கேளுங்கள். நீளத்தைக் கூட்டினால் குதிகால் ஆடும், ஷூ மடியும் இடமும் விரல் மடியும் இடமும் ஒத்துப்போகாது.

பிறகு ஷூவைக் கையில் எடுத்து மூன்று விதமாகச் சோதியுங்கள். முன்பகுதியை வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. மெத்தென்று அமுங்கும் ஷூ கடையில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மிக மென்மையான சோல் பாதத்தை உள்பக்கமாகச் சரியவிட்டால், அந்தச் சரிவு முழங்காலையும் உள்ளே இழுக்கும். ஆகவே கடைக்குள்ளேயே சில நிமிடம் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடக்கும்போது குதிகால் மேலெழும்பினால், லேஸை மேலே உள்ள கடைசித் துளையிலும் கோத்துக் கட்டுங்கள். அந்தத் துளை அதற்காகத்தான் இருக்கிறது. பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

ஷூவின் ஆயுளைப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அடிப்பாகம் தேய்வதற்கு முன்பே நடுவிலுள்ள நுரை இறுகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செருப்பில் நடந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பின்வார் இல்லாத செருப்பு கழலாமலிருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை, இருபதைத் தாண்டினால் பாதம் காட்டிக்கொடுத்துவிடும்.

## 4. முதல் இரண்டு வாரம்: நாட்களை மட்டும் எண்ணுங்கள்

இந்த இரண்டு வாரத்தில் வேகத்தையும் தூரத்தையும் பார்க்க வேண்டாம். படி 2-ல் கிடைத்த அளவில் வாரத்துக்கு ஆறு நாள் நடங்கள். கூடுதலாக நடக்கத் தோன்றினாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கேதான் ஆர்வம் உள்ளவர்கள் சறுக்குகிறார்கள்.

நடையை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலைக்கு அடுத்ததாக வையுங்கள். பல் தேய்த்ததும், பிள்ளைகளை அனுப்பியதும், வேலை முடிந்து வந்து உடை மாற்றுவதற்கு முன் என்று ஏதாவது ஒன்று. "காலை ஆறு மணி" என்று கடிகாரத்தோடு கட்டினால், எழுந்திருக்கத் தாமதமான அன்று நடையே போய்விடும்.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு 22-ஆம் நாள் சலிப்பு வந்ததும் சோர்ந்துபோக வேண்டாம். 2010-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர இடைநிலையாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

## 5. மூன்றாம் வாரம் முதல்: நிமிடங்களைக் கூட்டுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள், அவ்வளவுதான். தொடக்க அளவு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்றால் ஒரு நிமிடம் போதும். ஒரே வாரத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள், புதிய சரிவான பாதையையும் சேர்க்காதீர்கள். வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் மெதுவாகவே இருக்கட்டும். உட்கார்ந்தே இருந்த மூட்டு அசையத் தொடங்கிய பிறகுதான் அதன் விறைப்பு விடும். நடைக்கு முன் அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி தேவையில்லை.

பாதையையும் பாருங்கள். சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் தினமும் தாழ்வில் நடக்கும். வட்டப் பாதையில் ஒரே பக்கமாகச் சுற்றினாலும் ஏறத்தாழ இதே கதைதான். திசையை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். சாலையில் நடப்பவர்கள், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நடப்பதைவிட, சமதளமான வேறு பாதைக்கு மாறுவது நல்லது.

## 6. முழங்கால் சொல்வதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முழங்கால் வலித்ததும் நடையை முழுசாக நிறுத்துவது ஒரு தவறு. வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது இன்னொரு தவறு. இரண்டுக்கும் நடுவே செல்ல ஓர் அளவுகோல் தேவை. பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்தும் முறை இது: வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10.

நடக்கும்போது 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவிலேயே தொடரலாம். 4 அல்லது 5 வரை போனாலோ, மறுநாள் காலையும் மிச்சம் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவுக்கு இறங்குங்கள். அதற்கு மேல் போனால் அன்றே நிறுத்திவிடுங்கள். முடிவைச் சொல்வது மறுநாள் காலைதான். நடக்கும்போது உடம்பு சூடாகி வலி மறைந்துபோவது அடிக்கடி நடக்கும், அதை நம்ப முடியாது.

வீக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் ஒப்பிடுங்கள். சில்லின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். ஒரு காலில் அந்தப் பள்ளம் நிரம்பி மழமழவென்று இருந்தால் மூட்டுக்குள் நீர் கோத்திருக்கலாம். வலி குறைவாக இருந்தாலும் அன்றைக்கு நடக்க வேண்டாம்.

வலி எங்கே என்பதும் ஒரு தகவல். சில்லைச் சுற்றி முன்பக்கம் வலித்து, அதுவும் படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால், பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலுள்ள அழுத்தம்தான் காரணம். இவர்களுக்குச் சமதள நடை ஒத்துக்கொள்ளும், இறக்கம் ஒத்துக்கொள்ளாது. உள்பக்க மூட்டுக் கோட்டில் வலியும், காலையில் அரை மணிக்கு உட்பட்ட விறைப்பும் இருந்தால் தேய்மானமாக இருக்கலாம். தேய்மானம் என்றாலே நடக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அளவாக நடப்பது அதற்கான சிகிச்சையிலேயே ஒரு பகுதி.

முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, திடீரென்று மடிந்து விடுவது, சூடாகிச் சிவந்து வீங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

## 7. நடையோடு சேர வேண்டிய மூன்று பயிற்சிகள்

நடை மட்டும் தொடையை அவ்வளவாக வலுப்படுத்தாது. ஒவ்வோர் அடியிலும் அதிர்வைத் தாங்குவது தொடையின் முன்தசை. அது தளர்ந்திருந்தால் சுமை மூட்டுக்குப் போகும். ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலாவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக உட்காருவது. எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. தொப்பென்று உட்கார்ந்தால் பயிற்சியின் பாதி வீணாகிறது, மெதுவாக இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது. வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள்.

இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது, பக்கத்துக்குப் பத்து முறை. இடுப்பின் பக்கத்தசை தளர்ந்தால் நடக்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிகிறது. மூன்றாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, பன்னிரண்டு முறை.

## 8. வேகம்: இருபது நிமிடம் கைவந்த பிறகு

சிரமமில்லாமல் இருபது நிமிடம் நடக்க முடிந்த பிறகுதான் வேகத்துக்கு வர வேண்டும். சரியான வேகத்தைக் காட்ட மூச்சே போதும். ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. அந்த மாத்திரை துடிப்பைத் தாழ்த்தி வைக்கும். பேச்சுச் சோதனை அவர்களுக்கும் பொருந்தும்.

எண்ணிக்கை வேண்டுமென்றால், அரை நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்பது பெரும்பாலோருக்கு விறுவிறுப்பான நடை.

வேகமாக நடக்கச் சொன்னால் எல்லாரும் காலை எட்டி வைக்கிறார்கள். இது முழங்காலுக்குக் கேடு. எட்டி வைத்த கால் உடம்புக்கு வெகு முன்னால், முழங்கால் நீண்ட நிலையில் தரையைத் தட்டும். ஒவ்வோர் அடியும் ஒரு பிரேக் போல ஆகிவிடும். அடியின் நீளத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முழங்கையை மடக்கி, கையைச் சற்று வேகமாக வீசினால் கால் தானாக ஈடுகொடுக்கும்.

முதலில் ஒரு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் சாதாரணம் என்று நடையின் நடுப்பகுதியில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கணைக்காலின் முன்பக்கத் தசை, அதாவது முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டிய தசை, எரிந்தால் வேகம் அவசரமாகக் கூடிவிட்டது என்று பொருள்.

## 9. ஒருவரின் பன்னிரண்டு வாரம், கணக்கோடு

47 வயது, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, படி இறங்கினால் வலது முழங்காலின் முன்பக்கம் லேசான வலி. இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அளந்து பார்த்த நாளில் பதினைந்தாவது நிமிடத்தில் வலது கால் அடி குறுகியது. ஆகவே தொடக்கம் பத்து நிமிடம்.

முதல் இரண்டு வாரமும் தினமும் 10 நிமிடம். பிறகு மூன்றாம் வாரம் 12, நான்காம் வாரம் 14, ஐந்தாம் வாரம் 16. ஐந்தாம் வாரக் கடைசியில் மாற்றத்துக்காக ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறார். வலி 5-க்குப் போகிறது, மறுநாள் காலையும் இருக்கிறது. வீக்கம் இல்லை. ஆறாம் வாரம் நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவான 12 நிமிடத்துக்கு இறங்குகிறார். பாதை சமதளம், நாற்காலிப் பயிற்சி தலையணையோடு. வலி 2-க்கு வந்ததும் ஏழாம் வாரம் 14, எட்டாம் வாரம் 16, ஒன்பதாம் வாரம் 18, பத்தாம் வாரம் 20.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வாரங்களில் நேரம் 20 நிமிடத்திலேயே நிற்கிறது. நடுவில் ஒரு நிமிட வேகம் மூன்று முறை, அடுத்த வாரம் நான்கு முறை. மூன்று மாத முடிவில் அவர் வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 120 நிமிடம் நடக்கிறார். இடையில் சறுக்கிய வாரத்தால் மூன்று வாரம் பின்தங்கினார் என்பது உண்மை. நடையை விட்டிருந்தால் மறுபடி அளப்பதிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

## 10. எதை இலக்காக வைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. மேலே சொன்னவர் மூன்று மாதத்திலும் அதைத் தொடவில்லை. விறுவிறுப்பாக நடந்த நிமிடங்களை மட்டும் எண்ணினால் இன்னும் வெகு தூரம். அதை ஆறு மாத இலக்காக வையுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு, வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல் நடந்தேனா என்ற ஒரே கேள்வி போதும்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணை விட்டுவிடலாம். அது 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ வரம்பு அல்ல. இப்போது தினமும் மூவாயிரம் அடி நடப்பவருக்கு நாலாயிரம்தான் அடுத்த இலக்கு.

எடையை இலக்காக வைப்பவர்கள்தான் சீக்கிரம் மனம் தளர்கிறார்கள். சாப்பாடு மாறாமல் நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் குறையும் சிறு அளவும் முழங்காலுக்குப் பெரிது. எடை கூடிய, முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது.

## 11. இடையில் விட்டுப்போனால்

ஒன்றிரண்டு நாள் தவறினால் விட்ட அளவிலேயே தொடருங்கள். தவறியதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக நடக்காதீர்கள், வலியோடு வருபவர்களில் கணிசமானோர் இதைச் செய்தவர்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவுக்கு இறங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போனால் படி 2-லிருந்து மறுபடி அளவெடுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு என்றால், வீட்டு வேலைகள் களைப்பில்லாமல் செய்ய முடிகிற நாள் வரை காத்திருந்து, பாதி நேரத்தில் தொடங்குங்கள்.